அரை வாழ்காலம் ஒத்து வரவில்லையா? கரும்புச் சர்க்கரைச் சோதனையில் வினைவகை காணும்போது வரும் கோளாறுகள்

மொரீஷியஸில் வேதியியல் செய்முறை வகுப்பு நடத்துகிறவர்களுக்குச் சர்க்கரைக்குப் பஞ்சமில்லை. அதனால் வினைவகை கண்டறிய நான் எப்போதும் எடுப்பது கரும்புச் சர்க்கரையை அமிலத்தில் உடைக்கும் சோதனைதான். வினைவேகத்தை முதன்முதலில் முறையாக அளந்தவர் என்று சொல்லப்படும் வில்ஹெல்மி 1850-ல் செய்ததும் இதே சோதனை. எச்.எஸ்.சி. மாணவர்களும் பல்கலைக்கழக முதலாண்டு மாணவர்களும் கொண்டு வரும் கோளாறுகள் ஆண்டுதோறும் ஒன்றுபோலவே இருக்கின்றன. எண்கள் வேறு வேறாக இருக்கும், கோளாறு அதேதான். அவற்றை அறிகுறி வாரியாக இங்கே எழுதி வைக்கிறேன்.

சோதனை இதுதான். 100 மி.லி.க்கு 20 கிராம் வெள்ளைச் சர்க்கரை கரைத்த நீரோடு, 2 M ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சம அளவு கலக்க வேண்டும். கலவையை 200 மி.மீ. குழாயில் ஊற்றி, 30 °C-ல் வைத்து, போலாரிமீட்டரில் சுழற்சிக் கோணத்தைக் குறித்துக்கொண்டே வர வேண்டும். சர்க்கரை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைய உடையக் கோணம் குறையும், சுழியத்தைத் தாண்டி எதிர்ப்பக்கமும் போகும். ஒழுங்காக நடந்த ஒரு சோதனையின் அளவுகள் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

| நேரம் (நிமிடம்) | கோணம் α (°) | α − α∞ |
|---|---|---|
| 0 | +13.30 | 17.00 |
| 40 | +4.80 | 8.50 |
| 80 | +0.55 | 4.25 |
| 120 | −1.60 | 2.10 |
| 160 | −2.65 | 1.05 |
| வினை முடிந்தபின் (α∞) | −3.70 | 0 |

கடைசி நெடுவரிசைதான் மீதமிருக்கும் சர்க்கரையின் அளவைக் காட்டுகிறது. ஒவ்வொரு 40 நிமிடத்துக்கும் அது பாதியாகிறது. அரை வாழ்காலம் மாறவே இல்லை, எனவே முதல் வகை. k = 0.693/40 = 0.0173 நிமிடம்⁻¹.

## எதற்கும் முன்: அடுத்தடுத்த அரை வாழ்காலங்களைப் பாருங்கள்

வரைபடத் தாளை எடுப்பதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். அளவு பாதியாக எவ்வளவு நேரம், அந்தப் பாதி மறுபடி பாதியாக எவ்வளவு நேரம், அதுவும் பாதியாக எவ்வளவு நேரம் என்று மூன்று எண்களை எடுங்கள். ஒவ்வொன்றையும் அதற்கு முந்தையதால் வகுத்தால் இரண்டு விகிதங்கள் கிடைக்கும்.

விகிதம் 1, 1 என்றால் முதல் வகை. 2, 2 என்றால் இரண்டாம் வகை, ½, ½ என்றால் பூஜ்ஜிய வகை. இடைப்பட்ட வகைக்கும் இது பொருந்தும்: விகிதம் r = 2^(n−1), இதில் n வினைவகை. ஒன்றரை வகை என்றால் 1.41, 1.41 என்று வரும்.

இரண்டு விகிதமும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே முக்கியம். ஒற்றை வினைவகை கொண்ட வினைக்கு விகிதம் நடுவில் மாறாது. மாறிக்கொண்டே போனால், பெரும்பாலும் உங்கள் அளவீட்டில் ஏதோ இடிக்கிறது. அப்போது வினைவகையைத் தேடிப் பயனில்லை. முதலில் கீழே உள்ள அறிகுறிகளில் உங்களுடையது எது என்று பாருங்கள்.

## அறிகுறி 1: மூன்று வரைபடமுமே நேர்கோடாக வருகிறது

செறிவு–நேரம், ln செறிவு–நேரம், 1/செறிவு–நேரம் மூன்றையும் வரைந்தால் மூன்றும் நேராக இருக்கும். எக்செல் R² 0.99-க்கு மேல் காட்டும். எதை நம்புவது?

எளிய காரணம்: சோதனையைச் சீக்கிரம் நிறுத்திவிட்டீர்கள். பெரும்பாலும் இதுவேதான். மேலே உள்ள அதே வினையை முதல் 20 நிமிடம் மட்டும் பார்த்தால், α − α∞ ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 17.00, 15.60, 14.30, 13.10, 12.00 என்று வரும். இதற்கு மூன்று வரைபடங்களின் R² முறையே 0.998, 1.000, 0.997. தாளில் கண்ணால் பார்த்தால் மூன்றுக்கும் வித்தியாசமே தெரியாது. உண்மையில் இது சுத்தமான முதல் வகை, ஆனால் சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்குகூட இன்னும் உடையவில்லை. வளைவு தெரிவதற்கு இடமே கொடுக்கவில்லை.

சோதித்துப் பாருங்கள்: கடைசி அளவை முதல் அளவால் வகுங்கள். 0.5-க்கு மேல் இருந்தால் எந்த முடிவும் எழுத வேண்டாம். 0.25-க்குக் கீழே, அதாவது இரண்டு அரை வாழ்காலம் தாண்டியிருந்தால் பேசலாம். மூன்று தாண்டியிருந்தால் நிம்மதி. இந்தச் சோதனைக்கு அது இரண்டு மணி நேரம். வகுப்பு ஒரு மணி நேரம்தான் என்றால் அமிலத்தின் செறிவைக் கூட்டுங்கள், அளவீட்டைக் குறைக்காதீர்கள்.

R²-ஐ வைத்து மட்டும் வினைவகை முடிவு செய்யும் பழக்கத்தை என் மாணவர்களிடம் நான் விடாமல் எதிர்க்கிறேன். 0.998 பெரிதா 0.997 பெரிதா என்று பார்ப்பதைவிட, புள்ளிகள் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கின்றன என்று பாருங்கள். இரு முனைப் புள்ளிகளும் கோட்டுக்கு மேலே, நடுப்புள்ளிகள் கீழே என்று வரிசையாக நின்றால் அது வளைவு. R² என்ன சொன்னாலும் அது நேர்கோடு இல்லை. சரியான வரைபடத்தில் புள்ளிகள் மேலும் கீழுமாகக் கலந்து நிற்கும்.

## அறிகுறி 2: அரை வாழ்காலம் குறைந்துகொண்டே போகிறது, பிறகு கால்குலேட்டர் எரர் காட்டுகிறது

"சார், 120-வது நிமிடத்துக்கு ln போட்டா எரர் வருது" என்று யாராவது வந்தால், நோட்டைத் திறக்காமலே காரணம் சொல்லிவிடலாம்.

எளிய காரணம்: கோணத்தையே செறிவு என்று எடுத்துக்கொண்டது. கோணம் −1.60 ஆனபோது அதற்கு மடக்கை கிடையாது, அதனால்தான் எரர். ஆனால் எரர் வருவதற்கு முன்பே கணக்கு தவறிப்போய்விட்டது. 13.30-இன் பாதி 6.65. கோணம் அங்கே வர 29 நிமிடம் ஆகிறது. அதன் பாதிக்கு வர மேலும் 22 நிமிடம், அதற்கும் பாதிக்கு வர சுமார் 16 நிமிடம். அரை வாழ்காலம் குறைகிறது என்றதும் பலர் "பூஜ்ஜிய வகை" என்று எழுதிவிடுகிறார்கள்.

விகிதத்தைப் பாருங்கள்: 0.78, 0.70. பூஜ்ஜிய வகையாக இருந்தால் 29, 14, 7 என்று வந்திருக்க வேண்டும். இரண்டு விகிதமும் ½ இல்லை, இரண்டும் ஒன்றுக்கொன்று சமமும் இல்லை. ஆகவே அளவீட்டுக் கோளாறு.

சரிசெய்ய: எல்லா அளவிலிருந்தும் α∞-ஐக் கழியுங்கள். α∞ எதிர்எண் என்பதால் கழிப்பது கூட்டலாகிவிடும்: 4.80 − (−3.70) = 8.50. இந்த இடத்தில் குறி தவறினால் மறுபடியும் எரர்தான் வரும். கோணத்தில் பாதிப் புள்ளி 6.65 இல்லை. +13.30-க்கும் −3.70-க்கும் நடுவே உள்ள 4.80 தான்.

கழித்த பிறகும் பூஜ்ஜிய வகை போலவே இருந்தால், நீங்கள் போட்டது அமிலமா, இன்வெர்ட்டேஸ் நொதியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை மிகுந்து நொதி குறைவாக இருந்தால் தொடக்கத்தில் வேகம் செறிவைப் பொறுத்து மாறாது. அது உண்மையான பூஜ்ஜிய வகை நடத்தை. அதில் கோளாறு எதுவும் இல்லை.

## அறிகுறி 3: ln வரைபடம் முதலில் நேர், கடைசியில் கீழ்நோக்கி விழுகிறது

எளிய காரணம்: α∞-ஐ அவசரப்பட்டு எடுத்துவிட்டீர்கள். கோணம் மெதுவாக மாறுவதைப் பார்த்து, முடிந்துவிட்டது என்று 160-வது நிமிட அளவான −2.65-ஐயே α∞ என்று வைத்துக்கொண்டதாக எண்ணுங்கள். கழித்தால் 15.95, 7.45, 3.20, 1.05 என்று வரும். முதல் 40 நிமிடத்தில் 47 விழுக்காடு மீதி, அடுத்ததில் 43, அதற்கடுத்ததில் 33. முதல் வகை வினை திடீரென வேகம் பிடித்ததுபோலத் தெரியும்.

வினை முற்றாக முடியப் பத்து அரை வாழ்காலமாவது விட வேண்டும். இங்கே அது ஏழு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட வரும். கலவையில் ஒரு பங்கை மூடியுள்ள குடுவையில் எடுத்து, ஒரு நாள் அதே 30 °C தொட்டியில் விட்டுவிட்டு மறுநாள் படிப்பதுதான் நம்பகமான வழி. சிலர் 60 °C-ல் சூடாக்கி அவசரப்படுத்துவார்கள். செய்யலாம், ஆனால் 30 °C-க்கு ஆறிய பிறகே படிக்க வேண்டும். ஃபிரக்டோஸின் சுழற்சி வெப்பநிலைக்கு ஏற்ப நிறையவே மாறும். சூடான கரைசல் குறைவான எதிர்க்கோணத்தைக் காட்டும், அதே பிழை திரும்ப வரும். கரைசல் பழுப்பாகிவிட்டால் சர்க்கரையே சிதைந்திருக்கிறது, அந்த அளவைத் தூக்கி எறியுங்கள்.

அடுத்த காரணம்: சோதனை நடக்கும்போதே கரைசல் சூடாகிறது. இந்த வினைக்கு வெப்பநிலை ஆகாது. கிளர்வு ஆற்றல் சுமார் 108 கிலோ ஜூல்/மோல். அதன்படி 5 °C ஏறினாலே வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும், 1 °C-க்குச் சுமார் 15 விழுக்காடு கூடும். ஜனவரி மாதம் போர்ட் லூயியில் காலை பத்து மணிக்கு வெறும் மேசையில் ஆரம்பித்த சோதனை மதியம் வேறு வினையாகிவிடும். குழாயைச் சுற்றி நீர் ஓடும் உறை இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் கலவையைத் தொட்டியிலேயே வைத்து, ஒவ்வொரு அளவுக்கும் குழாயில் ஊற்றிச் சட்டெனப் படித்துவிட்டுத் திருப்பி ஊற்றுங்கள்.

இரண்டில் எது என்று பிரிக்க: α∞-ஏ தேவைப்படாத ஒரு வழி இருக்கிறது. குகன்ஹைம் 1926-ல் சொன்னது. சம இடைவெளியில் எடுத்த அளவுகளில் அடுத்தடுத்த இரண்டின் வித்தியாசத்தை மட்டும் பாருங்கள். மேலே உள்ள அட்டவணையில் 13.30 − 4.80 = 8.50, பிறகு 4.25, 2.15, 1.05. வித்தியாசங்களும் பாதி பாதியாகின்றன. α∞ எதுவும் போடாமலே அரை வாழ்காலம் 40 நிமிடம் என்று வந்துவிட்டது. வித்தியாசங்களின் ln நேராக இருந்து, உங்கள் பழைய வரைபடம் மட்டும் வளைந்தால், தவறு α∞-இல். இரண்டும் வளைந்தால் வெப்பநிலையைப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இந்த வழி α∞-ஐச் சரிபார்க்க உதவும், வினைவகையை முடிவு செய்ய இதையே நம்ப வேண்டாம். வேறு வகை வினைகூட இந்த வரைபடத்தில் ஓரளவு நேராகத் தெரிந்து ஏமாற்றும்.

## அறிகுறி 4: ln வரைபடம் கடைசியில் மேல்நோக்கிப் படுக்கிறது, அரை வாழ்காலம் நீள்கிறது

இதைப் பார்த்ததும் "இரண்டாம் வகை" என்று எழுதத் தோன்றும். அவசரப்பட வேண்டாம்.

எளிய காரணம்: α∞ அளவுக்கு மீறிய எதிர்எண்ணாக இருக்கிறது. இது க்யூர்பீப் பக்கத்து மாணவர்களிடம் அதிகம், அதுவும் ஜூலை மாதக் குளிரில். சோதனை 30 °C தொட்டியில் நடந்திருக்கும், α∞ குடுவை மட்டும் இரவெல்லாம் அலமாரியில் கிடந்திருக்கும். காலையில் 20 °C-ல் படித்தால் −3.70-க்குப் பதில் −4.35 வரும். கழித்தால் 17.65, 9.15, 4.90, 2.75, 1.70. அரை வாழ்காலங்கள் 42, 45, 51 நிமிடம்.

நீள்வது உண்மைதான், ஆனால் விகிதம் 1.06, 1.14. இரண்டாம் வகை என்றால் 42, 84, 168 என்று ஒவ்வொன்றும் இரட்டிக்க வேண்டும். 1/x வரைபடமும் போட்டுப் பாருங்கள், அதுவும் நேராக வராமல் மேலே ஏறி வளையும். ln-உம் நேரில்லை, 1/x-உம் நேரில்லை, விகிதமும் நிலையில்லை. மூன்றும் சேர்ந்தால் α∞ பிழை என்று துணிந்து சொல்லலாம்.

குடுவையை மூடாமல் விட்டு நீர் ஆவியாகிப் போனாலும் இதே அறிகுறிதான் வரும். குடுவையை 30 °C தொட்டியில் அரை மணி நேரம் வைத்து மறுபடி படியுங்கள். அளவு மாறினால் குளிர்தான் காரணம். மாறவில்லை என்றால் ஆவியாகியிருக்கிறது, புதிதாக ஒரு குடுவை வைக்க வேண்டும்.

அடுத்த காரணம்: நடுவில் மின்சாரம் போய்த் தொட்டி குளிர்ந்திருக்கும். மேலே சொன்ன வித்தியாசச் சோதனையில் இதுவும் தெரியும். இந்தத் தரவைக் கணக்கால் காப்பாற்ற முடியாது, சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டியதுதான்.

## அறிகுறி 5: முதல் ஒன்றிரண்டு புள்ளி மட்டும் கோட்டில் உட்காரவில்லை

அமிலமும் சர்க்கரை நீரும் கலப்பதற்கு முன் 30 °C-க்கு வந்திருக்காது. அல்லது ஊற்றிக் கலக்கி, குமிழி போக்கி, குழாயை மூடுவதற்குள் ஓரிரண்டு நிமிடம் போயிருக்கும். முதல் வகை வினையில் இதற்குக் கவலைப்படத் தேவையில்லை. எந்த நேரத்தை t = 0 என்று வைத்தாலும் ln கோட்டின் சரிவு மாறாது. பத்தாவது நிமிடத்திலிருந்து புதிதாக எண்ணத் தொடங்குங்கள். விட்ட புள்ளிகளையும், ஏன் விட்டீர்கள் என்பதையும் நோட்டில் எழுதிவிடுங்கள்.

நடுவில் உள்ள புள்ளி ஒத்து வரவில்லை என்று அதை எடுத்துவிடுவது வேறு கதை. அதற்கு நான் மதிப்பெண் கொடுப்பதில்லை.

## அறிகுறி 6: நேர்கோடு அழகாக வருகிறது, ஆனால் பக்கத்து மேசையின் k வேறாக இருக்கிறது

இருவருக்கும் முதல் வகை, ஒருவருக்கு அரை வாழ்காலம் 40 நிமிடம், மற்றவருக்கு 55. யார் சரி? இருவருமே சரியாக இருக்கலாம்.

இந்த வினையில் நீரும் பங்கெடுக்கிறது, அமிலம் ஊக்கியாக நிற்கிறது. சர்க்கரை லிட்டருக்கு 0.29 மோல்தான், நீர் 50 மோலுக்கு மேல். சர்க்கரை முழுவதும் உடைந்தாலும் நீரில் ஒரு விழுக்காடுகூடக் குறையாது. அமிலம் செலவாவதே இல்லை. எனவே இரண்டும் k-க்குள் ஒளிந்துகொள்கின்றன. இது போலி முதல் வகை. உங்கள் தரவு "சர்க்கரையைப் பொறுத்து முதல் வகை" என்று மட்டும்தான் சொல்கிறது. "மொத்த வினைவகை 1" என்று எழுத இதில் ஆதாரம் கிடையாது.

சோதித்துப் பாருங்கள்: முதலில் இருவரின் அமிலச் செறிவையும் வெப்பநிலையையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும். அப்புறம் அமிலத்தை மாற்றாமல் சர்க்கரையை மட்டும் பாதியாக்கி ஒரு சோதனை செய்யுங்கள். அரை வாழ்காலம் அப்படியே 40 நிமிடமாக நிற்க வேண்டும். இரண்டாம் வகையாக இருந்தால் அது 80 ஆகியிருக்கும், பூஜ்ஜிய வகையென்றால் 20. ஒரே சோதனைக்குள் அரை வாழ்காலங்களை ஒப்பிடுவதைவிட இது வலுவான ஆதாரம், ஏனென்றால் கடைசிப் பகுதியின் சின்ன அளவுகளை நம்ப வேண்டியதில்லை. அடுத்து சர்க்கரையை மாற்றாமல் அமிலத்தைப் பாதியாக்கினால் அரை வாழ்காலம் ஏறத்தாழ இரட்டிக்கும். அமிலத்தின் பங்கு அப்போதுதான் வெளியே வரும்.

## எப்போது ஆய்வக உதவியாளரைக் கூப்பிட வேண்டும்

போலாரிமீட்டர் வெறும் நீருக்கு 0 காட்டாமல் +0.30 காட்டுகிறது என்றால் கூப்பிட வேண்டாம். எல்லா அளவிலும் α∞-இலும் அதே 0.30 இருப்பதால் கழிக்கும்போது போய்விடும். சோதனை தொடங்கும்போது +0.30, முடியும்போது +0.70 என்று நகர்ந்திருந்தால் கூப்பிடுங்கள். அதைக் கழித்துச் சரிசெய்ய முடியாது.

பார்வைப் புலம் இருட்டாக இருந்தால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள். இங்கே வீட்டில் கிடைக்கும் பழுப்புச் சர்க்கரையைக் கரைத்தால் நிறம் ஒளியை மறைத்துவிடும், வெள்ளைச் சர்க்கரைக்கு மாறுங்கள். அடுத்து குழாயின் முனைக் கண்ணாடிகளைத் துடைத்து, உள்ளே குமிழி இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகும் இருட்டு என்றாலோ, புலத்தின் இரு பாதிகளும் எந்தக் கோணத்திலும் ஒரே வெளிச்சத்துக்கு வரவில்லை என்றாலோ, சோடியம் விளக்கிலோ உள்ளே உள்ள பட்டகத்திலோ கோளாறு. கருவியை நீங்களே கழற்றாதீர்கள், பழுது பார்ப்பவரிடம் போக வேண்டியது அது.

தொட்டியின் வெப்பநிலை ஒரு மணி நேரத்தில் அரை டிகிரிக்கு மேல் ஏறி இறங்கினாலும் சொல்லிவிடுங்கள். அது சரியாகும்வரை எடுக்கும் தரவில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.